தாத்தாவா, பேரனா? பல தலைமுறைக் குடும்ப நாவலில் ஆள் குழம்பும்போது பிழை நீக்கும் வழிமுறை

நான்கு தலைமுறைகளைச் சொல்லும் ஒரு குடும்ப நாவலில் பாதி தூரம் வந்தபின் பேசுகிறவர் யார், அவர் யாருடைய மகன், இறந்தவர் எப்படித் திரும்பி வந்தார் என்ற ஐயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தால், நினைவாற்றல் குறைவு என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். திருநெல்வேலிச் சீமையைக் களமாகக் கொண்ட நாவல்களில் இந்தக் குழப்பத்துக்குத் திட்டவட்டமான காரணங்கள் உண்டு. பெயர் வைக்கும் முறை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறை, உறவுச் சொல்லால் அழைக்கும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வாசகரைத் தடுமாற வைக்கின்றன. அதே மூன்றையும் அறிந்துகொண்டால், குழப்பம் எங்கே புகுந்தது என்பதைக் கண்டுபிடிக்கவும் அவையே உதவும்.

வழிமுறை விளங்குவதற்காகக் கற்பனையாக ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்கிறேன். இது எந்த நாவலிலிருந்தும் எடுத்ததன்று. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அங்கே மேலவளவு, கீழவளவு என்று, பல வீடுகள் சேர்ந்த இரண்டு வளவுகள். மேலவளவில் சங்கரலிங்கம் இருக்கிறார். அவருடைய மூத்தகுடியாள் ஆவுடையம்மாளுக்கு ஆறுமுகம் என்ற மகனும் கோமதி என்ற மகளும், இளையகுடியாள் பேச்சியம்மாளுக்குச் சுடலைமுத்து என்ற மகனும் பிறக்கிறார்கள். கீழவளவில் நெல்லையப்பன், அவருடைய தங்கை காந்திமதி. ஆறுமுகத்துக்குக் காந்திமதியை எடுத்து, நெல்லையப்பனுக்குக் கோமதியைக் கொடுக்கிறார்கள். ஆறுமுகத்துக்குச் சங்கரலிங்கம் என்று ஒரு மகன். நெல்லையப்பனுக்கு வள்ளி என்ற மகளும், அவளுக்கு இளையவனாக உலகநாதன் என்ற மகனும். சுடலைமுத்துவின் மூத்த மகனுக்கும் பெயர் சங்கரலிங்கம்தான், இளையவள் இசக்கி. ஆறுமுகத்தின் மகன் சங்கரலிங்கம் வளர்ந்து வள்ளியைக் கட்டுகிறான். இவ்வளவே குடும்பம். பெயர் தெரிந்தவர்கள் பதின்மூன்று பேர்தான். ஆனால் பின்வரும் சிக்கல்கள் யாவும் இதற்குள் இருக்கின்றன.

அறிகுறி: "இறந்துபோனவர் அடுத்த அத்தியாயத்தில் உயிரோடு நடமாடுகிறார்."

தந்தைவழித் தாத்தாவின் பெயரைத் தலைமகனுக்கு இடுவது எங்கள் பக்கத்தில் நெடுங்கால வழக்கம். ஆகவே முதல் தலைமுறையில் ஒரு சங்கரலிங்கம் இருந்தால், மூன்றாம் தலைமுறையிலும் ஒரு சங்கரலிங்கம் இருப்பார் என்று எதிர்பார்த்தே வாசிக்க வேண்டும். பெயருக்கு முன்னுள்ள எழுத்தைப் பார்த்துத் தெளியலாம் என்று சிலர் நினைப்பார்கள். இந்த இடத்தில் அது உதவாது. முதலெழுத்து தந்தையின் பெயரிலிருந்து வருகிறது. பெயர் தாத்தாவிடமிருந்து வருகிறது. மூத்த சங்கரலிங்கத்தின் தந்தையும் ஓர் ஆறுமுகமாக இருந்தால், தாத்தாவும் ஆ. சங்கரலிங்கம், பேரனும் ஆ. சங்கரலிங்கம் என்றே எழுதப்படுவார்கள். வழக்கை ஒழுங்காகக் கடைப்பிடித்த குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை இந்த இரட்டை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

இதற்குத் தீர்வு, பெயரை அடுத்துத் தலைமுறை எண்ணை எழுதுவதுதான். ஒரு தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, குறுக்காக நான்கு ஐந்து கோடுகள் போட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் 1, 2, 3 என்று எண் கொடுங்கள். நாவலில் முதலில் அறிமுகமாகும் மூத்தவர் 1. அவருடைய பிள்ளைகள் 2. தாத்தா "சங்கரலிங்கம் 1", பேரன் "சங்கரலிங்கம் 3". அதன்பின் குறிப்பில் எங்கும் எண்ணில்லாமல் அந்தப் பெயரை எழுதக் கூடாது. கதை பின்னோக்கிச் சென்று மூத்தவரின் தந்தையைக் காட்டினால், மேலே ஒரு பட்டையைச் சேர்த்து அதற்கு 0 என்று பெயரிடலாம். எல்லோருடைய எண்ணையும் அழித்து எழுத வேண்டிய தேவை இராது.

குறிப்பிட்ட ஒரு பத்தியில் வருகிறவர் 1ஆ 3ஆ என்று எப்படி அறிவது? முதலில் வினைமுற்றைப் பாருங்கள். கதைசொல்லி மூத்தவரை "வந்தார்" என்றும் பேரனை "வந்தான்" என்றும் சொல்லிக்கொண்டு வருவார். இது பெரும்பாலான பக்கங்களில் போதும். ஆனால் பேரன் நடுவயதை எட்டும்போது கதைசொல்லி எந்த அறிவிப்பும் இல்லாமல் அவனையும் "அவர்" ஆக்கிவிடுவார். இறந்தவர் உயிர்த்தெழுந்ததாகத் தோன்றும் இடம் பெரும்பாலும் இதுவே. ஆகவே சங்கரலிங்கம் 3 முதன்முதலாக "அவர்" ஆகும் பக்கத்தைக் குறித்துக்கொள்வது, அவர் பிறந்த பக்கத்தைக் குறிப்பதைக் காட்டிலும் பயனுள்ளது என்பது என் எண்ணம். இரண்டாவதாக, பெயரின் பின்னொட்டைப் பார்க்கலாம். முதல் தலைமுறையினரின் பெயரோடு சாதிப் பட்டம் சேர்ந்து வரும். மூன்றாம் தலைமுறைக்குள் அது உதிர்ந்திருக்கக் கூடும்.

அறிகுறி: "ஒரே வயதில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்."

இது முன்னதிலிருந்து வேறுபட்ட பிழை. ஆகவே தீர்வும் வேறு. தாத்தாவின் பெயரை ஒரு மகன் மட்டும் தன் பிள்ளைக்கு வைப்பதில்லை. ஆறுமுகமும் வைக்கிறார், சுடலைமுத்துவும் வைக்கிறார். எனவே மூன்றாம் பட்டையில் இரண்டு சங்கரலிங்கங்கள் அருகருகே நிற்பார்கள், தலைமுறை எண் அவர்களைப் பிரிக்காது. முந்தைய சிக்கலில் உதவாமற்போன முதலெழுத்து இப்போது உதவுகிறது. ஒருவர் ஆ. சங்கரலிங்கம், மற்றவர் சு. சங்கரலிங்கம். தலைமுறை விட்டு வரும் இரட்டையை எண்ணால் பிரிக்க வேண்டும், ஒரே தலைமுறையில் வரும் இரட்டையைத் தந்தை பெயரால் பிரிக்க வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

நாவலாசிரியர் பேச்சில் முதலெழுத்தைப் பயன்படுத்த மாட்டார். ஊரில் சொல்வது போலப் "பெரிய சங்கரன்", "சின்ன சங்கரன்" என்றோ, "மேலவளவுச் சங்கரன்" என்றோ எழுதுவார். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. பெரிய, சின்ன என்பவை வயதைக் குறிக்கலாம். மூத்தகுடியாள் வழி, இளையகுடியாள் வழி என்பதைக் குறிக்கலாம். சில இடங்களில் தாத்தாவையும் பேரனையும் பிரிப்பதற்கும் பயன்படலாம். முதல் தடவை அந்தச் சொல் வரும்போதே, எதை வைத்துப் பெரியவர் என்கிறார்கள் என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: "யாரோ ஒரு புதியவர் வந்திருக்கிறார், ஆனால் எல்லோருக்கும் அவரை முன்பே தெரிந்திருக்கிறது."

அவர் புதியவராக இருக்க மாட்டார். ஏற்கெனவே தெரிந்தவர் வேறு பெயரில் வருகிறார். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை என்ற வழக்கம் இதற்கு முக்கியமான காரணம். மாமனாரின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே பெற்ற தாய் தன் மகனை அந்தப் பெயரால் கூப்பிட முடியாது. காந்திமதி தன் மகனை "ஐயா" என்றோ "ராசா" என்றோதான் கூப்பிடுவாள். நாவலாசிரியர் அவளுடைய பார்வையில் ஓர் அத்தியாயம் எழுதினால், அந்த அத்தியாயம் முழுவதும் சங்கரலிங்கம் என்ற பெயரே வராமல் போகலாம். இத்துடன் குலதெய்வத்தின் பெயரில் வீட்டில் ஓர் அழைப்பு, பள்ளிக்கூடப் பதிவில் ஒரு பெயர், ஊரார் வைத்த பட்டப்பெயர் என்று ஒருவருக்கு மூன்று நான்கு பெயர்கள் சேர்ந்துவிடும்.

புதிய பெயர் ஒன்று வந்தவுடன் அட்டவணையில் ஆளைச் சேர்க்காதீர்கள். தாளின் ஓரத்தில் அந்தப் பெயரையும், பக்க எண்ணையும், யார் அப்படி அழைத்தார் என்பதையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த இருபது முப்பது பக்கங்களுக்குள் அவருக்குத் தனியாக ஒரு பெற்றோரோ துணையோ சொல்லப்பட்டால் அவர் புதியவர், பட்டையில் ஏற்றலாம். சொல்லப்படாமல், ஆனால் வீட்டுக்குள் அடுக்களை வரை உரிமையோடு வந்து போகிறார் என்றால், இருப்பவர்களுள் யாருக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று பாருங்கள். அழைப்பவர் யார் என்பதைக் குறித்து வைத்தது அப்போது கைகொடுக்கும். பெயரைச் சொல்லக் கூடாத நிலையில் இருக்கும் ஒருவர் அழைத்தால், அது மாற்றுப் பெயராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: "மாமா என்று மூன்று பேரைச் சொல்கிறார்கள், யார் எந்த மாமா என்று தெரியவில்லை."

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்தச் சிக்கலைப் பற்றியதே. வாசகர்கள் வைத்திருக்கும் குறிப்புகளில் நான் அடிக்கடி காணும் பிழை, உறவுச் சொல்லை அப்படியே எழுதிவைப்பதுதான். "நெல்லையப்பன், மாமா" என்று எழுதியிருப்பார்கள். யாருக்கு மாமா? எந்த வழியில் மாமா? ஐம்பது பக்கம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. உறவுச் சொல், சொல்கிறவரைப் பொறுத்து மாறும். அதே நெல்லையப்பன் ஆறுமுகத்துக்கு மச்சான், காந்திமதிக்கு அண்ணன், உலகநாதனுக்கு அப்பா.

ஆகவே தாளில் இரண்டே இணைப்புகளை மட்டும் வரையுங்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே படுக்கையாக இரட்டைக் கோடு. வேறு எந்த உறவும் தாளில் வரக் கூடாது. அண்ணன், அத்தை, சித்தி, மைனி, கொழுந்தன், சம்பந்தி ஆகிய அனைத்தையும் இந்த இரண்டு கோடுகளிலிருந்தே பெற்றுக்கொள்ளலாம்.

நம்முடைய குடும்பத்தில் சங்கரலிங்கம் 3 (ஆ.) தன் வாழ்நாள் முழுவதும் நெல்லையப்பனை "மாமா" என்கிறான். சிறுவனாக இருக்கும்போது தாயின் அண்ணன் என்பதால் அவர் மாமா. அதே நேரத்தில் தந்தையின் தங்கை கோமதியின் கணவர் என்பதாலும் மாமா. வள்ளியைக் கட்டியபின் பெண் கொடுத்தவர் என்பதாலும் மாமா. மூன்று மாமாக்கள் இருப்பதாக வாசகர் எண்ணும் இடத்தில் ஒரே ஒருவர் இருக்கிறார். உறவுச் சொற்களை எழுதி வைத்தவர் மூன்று பெட்டிகள் வரைந்திருப்பார். கோடுகளை மட்டும் வரைந்தவரின் தாளில் ஒரு பெட்டியிலிருந்து மூன்று வழிகள் தெரியும். நாவலில் சொத்துப் பிரிவினையோ மனத்தாங்கலோ வரும்போது நெல்லையப்பன் ஏன் எந்தப் பக்கமும் பேச முடியாமல் நிற்கிறார் என்பதும் அந்தத் தாளைப் பார்த்தாலே புரியும்.

உறவுச் சொல்லைத் தாளில் எழுத வேண்டாம் என்றேனே தவிர, அதைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. வரைந்த தாள் சரிதானா என்று சோதிப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அம்மாவின் அக்காள் தங்கை பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள் முறை. அவர்களை அண்ணன், தங்கை என்றே அழைப்பார்கள். அப்பாவின் உடன்பிறந்தாள் பிள்ளைகளும் அம்மாவின் உடன்பிறந்தான் பிள்ளைகளும் கட்டிக்கொள்ளும் முறை. அவர்களே அத்தான், மைனி, மச்சான், கொழுந்தியாள். தாய் வேறாக இருந்தாலும் தந்தை ஒருவர் என்றால் இந்தக் கணக்கு மாறாது. ஒரு பாத்திரம் இன்னொருவரை அழைக்கும் சொல் உங்கள் தாளோடு பொருந்தாவிட்டால், தாளில் ஒரு கோடு தவறாக இருக்கிறது என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். சுடலைமுத்து சொத்துப் பிரிவினைக்குப் பிறகு மேலவளவை விட்டு வெளியேறிக் கீழவளவில் ஒரு வீட்டில் குடியேறிவிடுகிறார். நாவலில் அவர் பெரும்பாலும் நெல்லையப்பனோடு சேர்ந்தே காட்டப்படுகிறார். இருவரும் ஒன்றாக வயலுக்குப் போகிறார்கள், ஒரே தார்சாவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இளையகுடியாள் மகன் என்பது தொடக்கத்தில் ஒரே ஒரு வரியில் சொல்லப்பட்டிருந்ததை வாசகர் கவனிக்கவில்லை. ஆகவே சுடலைமுத்துவை நெல்லையப்பனின் தம்பி என்று வரைந்துவிடுகிறார்.

பல பக்கங்களுக்குப் பிறகு சுடலைமுத்துவின் மகள் இசக்கி, உலகநாதனைப் பார்த்து "அத்தான்" என்கிறாள். தாளின்படி உலகநாதன் அவளுக்குப் பெரியப்பா மகன், அதாவது அண்ணன். அண்ணனை அத்தான் என்று எந்த வீட்டிலும் அழைக்க மாட்டார்கள். இங்கே நின்று தாளைத் திருத்த வேண்டும். ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்துத் திருத்திவிடக் கூடாது, இரண்டாவது சாட்சி வேண்டும். ஆகவே பின்னோக்கிப் புரட்டி, மேலவளவுச் சங்கரலிங்கம் சுடலைமுத்துவை எப்படி அழைத்திருக்கிறான் என்று தேடுகிறோம். தாளின்படி சுடலைமுத்து, சங்கரலிங்கத்தின் தாய் காந்திமதிக்கு உடன்பிறந்தவர் ஆகிவிடுவதால் "மாமா" என்றிருக்க வேண்டும். நாவலில் "சித்தப்பா" என்றிருக்கிறது. வள்ளி எப்படி அழைக்கிறாள் என்று பார்த்தால், "சித்தப்பா" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மாமா" என்றிருக்கிறது. இரண்டு திசையிலும் சொற்கள் நேர்மாறாக நிற்கின்றன. அப்படியென்றால் சுடலைமுத்து கீழவளவு வழியில் வந்தவர் அல்லர். ஆறுமுகத்துக்குத் தம்பி, கோமதிக்கும் தம்பி. கோட்டை அழித்துச் சங்கரலிங்கம் 1இன் கீழே வரைந்தால், மூன்று சொற்களும் ஒரே நேரத்தில் பொருந்திவிடுகின்றன.

இந்தப் பிழைக்கு மூல காரணம், குடியிருக்கும் இடத்தைக் கொண்டு உறவை ஊகித்தது. ஒரு வளவுக்குள் பல வீடுகள் இருக்கும். அங்கே வாழ்கிறவர்கள் எல்லோரும் ஒரு வழியினர் என்று கொள்ள முடியாது. வீட்டை ஆளின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் குறித்துக்கொள்ளலாம், ஆனால் கோடு வரைவதற்கு அதை ஆதாரமாக எடுக்கலாகாது.

சோதனைக்கும் எல்லைகள் உண்டு. "அண்ணாச்சி" என்ற சொல்லைச் சோதனையிலிருந்து முற்றிலும் விலக்கிவிடுங்கள். கடைக்காரரையும் அண்ணாச்சி என்பார்கள், சொந்த அண்ணனையும் என்பார்கள். "ஆச்சி" என்பதும் அப்படியே. பெற்ற பாட்டியும் ஆச்சி, தெருவில் எதிர்ப்படும் முதியவளும் ஆச்சி. அத்தான், மைனி, சித்தப்பா போன்ற சொற்கள் இவற்றைவிட உறுதியானவை. ஆயினும் நெருங்கிப் பழகும் பக்கத்து வீட்டாரும் முறை வைத்து அழைப்பதுண்டு என்பதால்தான் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றேன். கதை தெற்கே நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தால் இன்னொரு கவனமும் தேவை. அங்கே மருமக்கள்வழி நிலவிய காலத்தைச் சொல்லும் பகுதிகளில், சொத்தைப் பெறுபவன் உடன்பிறந்தாளின் மகனாக இருப்பான். வாரிசு என்று சொல்லப்பட்டதை வைத்து மகன் என்று கோடு போட்டுவிடக் கூடாது. சுவீகாரம் போன பிள்ளைக்கு, பெற்ற தந்தையிடமிருந்து முழுக் கோடும் எடுத்த தந்தையிடமிருந்து புள்ளிக் கோடும் வரையுங்கள். அவனுடைய முதலெழுத்து இடையில் மாறியிருக்கும்.

அறிகுறி: "மரம் போல வரைந்தேன், கிளைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன."

வம்சாவளியை மேலிருந்து கிளை பிரியும் மரமாக வரைவதும், மூத்தவருக்கு 1, அவர் பிள்ளைகளுக்கு 1.1, 1.2, பேரப்பிள்ளைகளுக்கு 1.1.1 என்று எண் கொடுப்பதும் பழைய முறைகள். மருமக்கள் எல்லோரும் வெளியிலிருந்து வரும் குடும்பத்துக்கு அவை நன்றாகவே பொருந்தும். எங்கள் பக்கத்துக் குடும்பத்துக்கு அவை பொருந்துவது கடினம். சங்கரலிங்கம் 3 ஆறுமுகத்தின் வழியில் 1.1.1 என்றால், அவன் மனைவி வள்ளி கோமதியின் வழியில் 1.2.1 ஆகிறாள். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு எந்த எண்? இரண்டு எண்களும் உரியவை. பிரிந்த கிளை மறுபடி ஒட்டிக்கொள்ளும்போது மரம் என்ற வடிவமே பொய்யாகிவிடுகிறது. பட்டை முறையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே பட்டையில் நிற்கும் இருவரைப் படுக்கைக் கோட்டால் இணைத்துவிடலாம்.

பட்டை முறைக்கும் ஒரு சோதனை வரும் இடம் உண்டு. அக்காள் மகளைக் கட்டும் திருமணம்தான் அது. சங்கரலிங்கத்துக்கும் வள்ளிக்கும் பிறந்த மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரை வைத்துக் காந்திமதி 4 என்று கொள்வோம். அவளை அவள் தாய்மாமன் உலகநாதன் 3 கட்டுகிறான். திருமணத்துக்காக அவளை மூன்றாம் பட்டைக்கு ஏற்றவோ அவனை நான்காம் பட்டைக்கு இறக்கவோ வேண்டாம். பிறப்பால் அமைந்த பட்டையே நிலையானது. இருவரையும் அவரவர் இடத்திலேயே விட்டுச் சாய்வாக ஓர் இரட்டைக் கோடு போடுங்கள். அவர்களுடைய குழந்தையைக் கீழே இருக்கும் பெற்றோருக்கு அடுத்த பட்டையில், அதாவது ஐந்தில் எழுதுங்கள். அந்தக் குழந்தைக்கு வள்ளி, அம்மாவைப் பெற்ற ஆச்சியும் ஆவாள், அப்பாவின் அக்காள் என்ற வகையில் அத்தையும் ஆவாள். நாவலில் எந்தச் சொல் வந்தாலும் தாள் சரியாகவே இருக்கும்.

அறிகுறி: "காலம் முன்னும் பின்னும் போகிறது, யார் எப்போது எத்தனை வயது என்று தெரியவில்லை."

பழைய தலைமுறையினர் வருடத்தைப் பெயரால் சொல்வார்கள். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால், ஆண்டுப் பெயரிலும் தாத்தா பேரன் குழப்பம் வந்துவிடும். பெரும் பஞ்சத்தோடு நினைக்கப்படும் தாது வருடம் 1876இல் தொடங்கியது. 1936இல் தொடங்கியதும் தாதுதான், 1996இல் தொடங்கியதும் தாதுதான். பெயருடன் பஞ்சம், வெள்ளம் போன்ற நிகழ்ச்சி ஒன்றும் சேர்ந்து வந்தால் மட்டுமே அதை ஆண்டாக மாற்றி எழுதுங்கள்.

திருநெல்வேலிப் பகுதியின் பழைய பத்திரங்களிலும் குறிப்புகளிலும் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் தொடங்குகிறது. ஆவணி முதல் மார்கழி வரையுள்ள மாதங்களுக்குக் கொல்லம் ஆண்டோடு 824ஐயும், தை முதல் ஆடி வரையுள்ள மாதங்களுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறையக் கிடைக்கும். கொல்லம் 1099 ஆவணி என்றால் 1923; அதே 1099 ஆடி என்றால் 1924. பேச்சில் ஆயிரத்தை விட்டுவிட்டுத் "தொண்ணூத்தொன்பதாம் வருசம்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், அதை 1999 என்று எடுத்துக்கொண்டு முதல் தலைமுறையின் நிகழ்ச்சியை நான்காம் தலைமுறையில் வைத்துவிடும் ஆபத்து உண்டு.

ஆண்டே சொல்லாத பகுதிகளில் பணத்தைக் கவனியுங்கள். கணக்கு அணாவில் நடந்தால் பெரும்பாலும் அது 1957க்கு முற்பட்ட காலம். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் புதிய நயா பைசா நாணயங்கள் வந்தன. வந்தபின்னும் சில காலம் மக்கள் வாயில் அணா இருந்தது என்பதால், பேச்சில் வரும் அணாவை விடக் கணக்கேட்டில் வரும் அணாவையே நம்பலாம். தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகச் சொன்னால் 1986க்குப் பிந்தியது, தென்காசியைச் சொன்னால் 2019க்குப் பிந்தியது.

அறிகுறி: "மின்னூலில் பெயரைத் தேடினால் சில இடங்கள் மட்டுமே கிடைக்கின்றன."

தமிழ்ப் பெயர் வேற்றுமை ஏற்கும்போது அதன் ஈறு மாறிவிடும் என்பதே காரணம். "சங்கரலிங்கம்" என்று தேடினால் "சங்கரலிங்கத்தை", "சங்கரலிங்கத்துக்கு" என்று வரும் இடங்கள் அகப்படா. ஈற்றெழுத்தை விட்டு "சங்கரலிங்க" என்று தேடுங்கள். "நெல்லையப்பன்" என்பதற்கு "நெல்லையப்ப" என்றும், "ஆவுடையம்மாள்" என்பதற்கு "ஆவுடையம்மா" என்றும் இடுங்கள். புள்ளி வைத்த ன், ள் ஆகியவை "னை", "ளுக்கு" என்று மாறும்போது பொருந்தாமற்போவதை இது தவிர்க்கும். உகரத்தில் முடியும் "சுடலைமுத்து" "சுடலைமுத்துவை" என்றும் "சுடலைமுத்தை" என்றும் வரலாம் என்பதால் "சுடலைமுத்" என்பது வரை போதும். தேடும் கருவி புள்ளியோடு முடியும் சொல்லைச் சரியாகக் கையாளாவிட்டால் "சுடலை" என்று இன்னும் குறுக்குங்கள். இசக்கி பேச்சில் "எசக்கி" ஆகிவிடுவாள் என்பதால் இரண்டையும் தேட வேண்டும். தேடலில் கிடைக்கும் முதல் இடத்தை மட்டும் பாருங்கள். பின்னால் வரும் இடங்களைப் புரட்டினால் அவருடைய மரணமோ திருமணமோ முன்கூட்டியே தெரிந்துவிடும். புத்தகத்தின் முதலில் அச்சிட்டிருக்கும் வம்சாவளிப் படத்தைப் பற்றியும் எனக்கு இதே தயக்கம் உண்டு. அதில் யார் யாரைக் கட்டினார்கள் என்பது முழுவதும் இருக்கும்.

அறிகுறி: "எல்லாவற்றையும் சரிபார்த்த பின்பும் ஓர் இடம் பொருந்தவில்லை."

இரண்டு சாட்சிகளும் ஒரு பக்கம் நிற்க, ஒரே ஒரு வரி மட்டும் மாறாக நின்றால், பிழை உங்களுடையது அல்லாமலும் இருக்கலாம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பின்னர் நூலாகிய நாவல்களில், தொடக்கத்தில் சித்தப்பா என்று அழைக்கப்பட்டவர் பிற்பகுதியில் பெரியப்பா ஆகிவிடுவது நேரக்கூடியதே. அச்சுக்கோப்பில் ஒரு பெயருக்குப் பதில் இன்னொன்று விழுந்திருக்கவும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் கோட்டை மாற்றாமல், முரண்படும் இரு பக்க எண்களையும் அந்தப் பெயருக்கு அருகில் எழுதி வையுங்கள். நூலகத்தில் வேறு பதிப்பு கிடைத்தால் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லாவிட்டால், அந்த ஆள் முதன்முதலில் அறிமுகமாகும் இடத்தில் சொல்லப்பட்ட பெற்றோரையே கணக்கில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்கலாம்.